2023 ‘இயல்பான’ ஆண்டாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும் என்ற உங்கள் செய்தியோடு, முந்தைய ஆண்டுகளின் மழைப் பட்டியல் ஒன்றையும் போட்டிருந்தீர்கள். அதில் 2023-க்கு எதிரே ‘இயல்பு’ என்று இருந்தது. நான் ஏரல் பக்கத்துக்காரன். அந்த டிசம்பரில் தாமிரபரணி என் வாழைத்தோட்டத்தைத் தார்களோடு படுக்க வைத்துவிட்டுப் போனது. அதுதான் இயல்பு என்றால் மிகைமழை எப்படி இருக்கும் என்று கேட்க ஆசைதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது.

பட்டியல் தப்பு என்று நான் சொல்லவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தின் நீண்டகால சராசரி மழை சுமார் 44 செ.மீ. 2023-இல் அதைவிட 4 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில், ஒரு மாநிலத்திலோ மாவட்டத்திலோ மழை சராசரியைவிட 19 சதவீதம் கூடினாலும் இயல்புதான், 19 சதவீதம் குறைந்தாலும் இயல்புதான். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் பற்றாக்குறை, அதே அளவு கூடினால் அதிகம். 60-ஐத் தொட்டால் மிக அதிகம் அல்லது மிகப் பற்றாக்குறை. ஆக, தமிழகத்தில் 36 செ.மீ. பெய்தாலும் இயல்பு, 52 செ.மீ. பெய்தாலும் இயல்பு. குளம் பெருகுவதும் பெருகாததும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் எழுதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்த 4 சதவீதம் எப்படி வந்தது என்று பாருங்கள். டிசம்பர் 17 காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. மாநிலத்துக்கு மூன்று மாதத்தில் கிடைக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், ஒரே நாளில், ஒரே ஊரில். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இவ்வளவையும் மழை குறைந்த மாவட்டங்களோடு சேர்த்துக் கலக்கினால் ‘இயல்பு’ வந்துவிடுகிறது. பருவத்தின் மொத்த அளவைச் சொல்லும் சொல்லில் மழை எந்த ஊரில், எத்தனை நாளில் பெய்தது என்பது இருக்காது. அந்த ஒரு வரியை உங்கள் நிருபர் சேர்த்திருக்கக் கூடாதா?

அப்புறம், அதே செய்தியில் ‘இந்த ஆண்டும் இயல்பான மழை, விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று வேறு எழுதியிருந்தீர்கள். மகிழ்ந்த விவசாயி யார் என்று தெரிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். முன்னறிவிப்பில் வரும் ‘இயல்பு’ வேறு கணக்கு. அது தமிழகம், கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்தையும் சேர்த்த தென் தீபகற்பத்துக்கானது. அதற்கு எல்லை சராசரியில் 88 முதல் 112 சதவீதம். ஐந்தின் கூட்டுக் கணக்கு இயல்பாக இருந்தாலும் தூத்துக்குடி காயலாம், நனையலாம். ஒரு கணக்கில் முன்னறிவிப்பையும் இன்னொரு கணக்கில் பழைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றுதானே நினைப்பார்?

இது இன்று நேற்று வந்த கோபம் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் சாயங்காலம் நாலு இடி இடித்தால் ‘பருவமழை தொடங்கியது’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலை ஆய்வு மையம் அறிவிக்க, தென்மேற்குப் பருவமழை 15 டிகிரி வடக்கு அட்சரேகை வரை விலகியிருக்க வேண்டும், கடலோரத்தில் கிழக்குக் காற்று நிலையாக வீச வேண்டும், அது ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும், கடலோர மாவட்டங்களில் பரவலாக மழை பெய்ய வேண்டும். அக்டோபர் 10-க்கு முன் அறிவிப்பதே இல்லை. வழக்கமான தேதி 20, ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும். வெப்பச்சலன இடிமழையை நம்பி மானாவாரியில் விதைத்துவிட்டு, முளைத்த பயிர் கருகுவதைப் பார்த்த என் மைத்துனர் உங்கள் பத்திரிகையைத்தான் அன்றைக்குக் காட்டினார். இதைப் பற்றி அப்போதும் எழுதினேன். கடிதம் வரவில்லை. இடமிருந்திருக்காது, சரி.

தொடங்கும் தேதியை வைத்து ‘இந்த ஆண்டு அமோக மழை’ என்று எழுதுவதையும் விடலாம். 2009-இல் தென்மேற்குப் பருவமழை மே 23-லேயே கேரளத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் நாட்டில் மழை 22 சதவீதம் குறைந்தது, கடும் வறட்சி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மழை முன்னோட்டம் போடும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம்: இது எந்தப் பரப்புக்கு, அதன் சராசரி எத்தனை செ.மீ., இயல்பு என்பது எதிலிருந்து எதுவரை. ராசிபலன் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்