உன் பேர் இல்லாத போஸ்ட்

சங்கீ,

(உன் நிஜப் பேரை இங்கேயும் எழுதப் போறதில்லை. யார் யார் படிப்பாங்கன்னு உனக்கும் தெரியும்.)

புது வேலையில சேர்ந்ததைப் பத்தி லிங்க்ட்இன்ல போஸ்ட் போட்டுட்டேன். நீ பார்த்துட்டே, ஒண்ணும் சொல்லலை. அதுல நன்றி சொல்லியிருக்கிற இடத்துல நீ உன் பேரைத் தேடியிருப்பேன்னு நினைக்கிறேன். அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதல்ல எழுதினது வேற மாதிரி இருந்தது. "இன்னும் நம்ப முடியலை, கனவு நனவான நாள்"னு ஆரம்பிச்சேன். ஃபீட்ல மேல ரெண்டு மூணு வரிதான் தெரியும், மிச்சத்துக்கு "more" அழுத்தணும். அந்த ரெண்டு வரியையும் என் ஆனந்தக் கண்ணீருக்கே செலவழிச்சிருந்தேன். எங்கே, என்ன வேலைங்கிறது கீழே எங்கேயோ கிடந்தது. அதை அழிச்சேன். எத்தனை ரவுண்டு இன்டர்வியூ, கையில வேற ஆஃபர் இருந்ததுங்கிற வரி எல்லாம் போச்சு. சொல்லாம சொல்ற பெருமை அதுல இருந்தது. பழைய கம்பெனி பத்தின ஒரு குத்தலும் போச்சு. புது மேனேஜர் படிச்சா நாளைக்கு நம்மளையும் இப்படித்தான் எழுதுவாளோன்னு நினைப்பார். க்ளையன்ட் பேர் போனதுக்குக் காரணம், நாம கையெழுத்துப் போட்ட, ரகசியம் காக்கிற ஒப்பந்தம்.

மிஞ்சினது இவ்வளவுதான். ஆங்கிலத்துல போட்டதை உனக்காகத் தமிழ்ல எழுதறேன்:

"இன்று ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பேக்எண்ட் டெவலப்பராகச் சேர்ந்தேன். சப்போர்ட் வேலையில் இருந்தபோது, மெதுவாக ஓடும் ஒரு குவரியைப் பொறுமையாகப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த முன்னாள் சக பணியாளருக்கு நன்றி. இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது."

எல்லாருக்கும் பொதுவா நன்றி சொன்னா யாருக்கும் சொல்லாத மாதிரிதான். அதனால நீ செஞ்ச ஒரே ஒரு காரியத்தைச் சொன்னேன்.

அந்த மாதக்கடைசி ராத்திரி. ரிப்போர்ட் சுத்திக்கிட்டே இருந்தது, நான் சர்வரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ டிஃபன் பாக்ஸை மூடி வச்சுட்டு என் நாற்காலியை உன் பக்கம் இழுத்தே. "திட்டாதடி, கேளு"ன்னு சொல்லி குவரிக்கு முன்னாடி `EXPLAIN ANALYZE` போட்டே. `Seq Scan`னு வந்தது. தேதி column-க்கு இன்டெக்ஸ் இருந்தும் மொத்த டேபிளையும் ஒரு வரி விடாம படிச்சுக்கிட்டு இருந்தது.

```sql
-- முன்பு
WHERE DATE(created_at) = '2023-03-31'
-- பிறகு
WHERE created_at >= '2023-03-31'
  AND created_at <  '2023-04-01'
```

column-ஐ ஃபங்ஷனுக்குள்ள சுத்தி வச்சா அந்த இன்டெக்ஸ் உதவாதுன்னு சொன்னே. மாத்தினதும் ரிப்போர்ட் வந்துருச்சு. நீ திரும்பவும் டிஃபன் பாக்ஸைத் திறந்தே, சாதம் ஆறிப் போயிருந்தது. இந்த இன்டர்வியூவுல கிட்டத்தட்ட இதையே கேட்டாங்க. நான் பதில் சொல்லும்போது என் வாய்ல உன் குரல்தான் வந்தது.

அப்படின்னா ஏன் டேக் பண்ணலை? வேலை தேடறதை நீ ரெக்ரூட்டருக்கு மட்டும் தெரியற மாதிரி வச்சிருக்கே, போட்டோவைச் சுத்திப் பச்சை வளையம் இல்லை. உங்க வீட்டு ஆளுங்களே அங்கே இருக்காங்க. நான் உன்னை டேக் பண்ணி, அதுக்குக் கீழே யாராவது "நீ இப்போ எங்கே?"ன்னு கேட்டா நீ என்ன சொல்வே? மன்னிச்சுக்கோ. ஆனா உன்னைக் கேட்காம விட்டுடலை, டேக் பண்ணலாமான்னு மெசேஜ் அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்தது, பதில் வரலை. கோபமா இருந்தா அந்தக் கோபத்தையாவது ரெண்டு வார்த்தையா அனுப்பியிருக்கலாம். உன் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறதும் என் வேலையா?

அன்னிக்கு ஹெச்.ஆர் அறையில நடந்ததை இங்கே எழுத மாட்டேன். உன் பேரைச் சொன்னாங்க, என் பேரைச் சொல்லலை. அதை நான் முடிவு பண்ணலைடி.

போஸ்டைத் தள்ளிப்போட்டதுக்கும் நீ வேற காரணம் நினைச்சிருக்கலாம். பின்னணிச் சரிபார்ப்பு முடியணும், ரிலீவிங் லெட்டர் கைக்கு வரணும், முதல் நாள் உள்ளே போய் உட்காரணும். அதுக்கு முன்னாடி ஊருக்குச் சொல்லிட்டு ஆஃபர் கைநழுவினா என்ன செய்யறது? ப்ரொஃபைல்ல வேலையைச் சேர்க்கும்போது "Notify network"ஐ அணைச்சு வச்சதும் அதுக்குத்தான். இல்லைன்னா நான் எழுதறதுக்கு முன்னாடியே அதுவா ஒரு அறிவிப்பு போயிருக்கும், நீ அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டிருப்பே. உனக்கு நானே சொல்லணும்னு நினைச்சேன்.

இங்கே ரெண்டு டெவலப்பர் இடம் இருக்கு. நீயா போர்ட்டல்ல அப்ளை பண்ணிடாதே. ஏற்கெனவே பதிவான ஆளை ரெஃபரல்னு எடுத்துக்க மாட்டாங்களாம், கேட்டுட்டேன். ரெஸ்யூமை எனக்கு அனுப்பு. அந்த மாதக்கடைசி ரிப்போர்ட்டை அதுல ஒரு வரியா எழுது. நீ இதையெல்லாம் எழுத மாட்டே, எனக்குத் தெரியும். எழுதுடி.

உன்
மீனு