‘ஒப்புக்கொள்கிறேன்’ வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் வையுங்கள்

ஆசிரியர் கருத்தாய்வு நடத்தும் ஆய்வுக் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய கூகுள் படிவத்தை நானும் நிரப்பினேன். நிரப்ப வைத்தார்கள் என்று சொல்வதுதான் சரி. அதன் முதல் பக்கத்தில் இருந்த ஒப்புதல் வாசகத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

கேள்விகளைத் தமிழில் கேட்டீர்கள். சம்மதம் கேட்ட பக்கம் மட்டும் முழுக்க ஆங்கிலம், அதுவும் பத்திர ஆபீஸ் பாணியில். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால்தான் எங்கள் ஊரில் சிக்னல். கீழே நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் கத்திக்கொண்டிருக்க, அங்கே நின்று அதை எத்தனை முறை படிப்பது? கடைசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரே ஒரு வட்டம். ‘விருப்பமில்லை’ என்று இன்னொன்றை வைத்து, அதைத் தொட்டால் நேராக நன்றிப் பக்கத்துக்குப் போகும்படி அமைக்க கூகுள் படிவத்திலேயே வசதி இருக்கிறதே!

‘உங்கள் அடையாளம் யாருக்கும் தெரியாது’ என்று அந்தப் பக்கம் சொன்னது. அடுத்த பக்கத்திலேயே பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண், பாலினம், பணியாண்டுகள். பெயரை மட்டும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியில் இருப்பது இரண்டே பேர், தலைமையாசிரியரும் நானும். அப்புறம் ஒரு கேள்வி: ‘தலைமையாசிரியர் உங்கள் கருத்தை மதிக்கிறாரா? 1 முதல் 5 வரை மதிப்பிடுக.’ நான் 5 போட்டேன். எங்கள் சார் நல்லவர், 5 போடத் தகுந்தவர்தான். ஆனால் அவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தாலும் 5தான் போட்டிருப்பேன். அப்படியானால் அந்த 5-ஐ வைத்து நீங்கள் எதைக் கண்டுபிடிப்பீர்கள்?

‘பங்கேற்பது உங்கள் விருப்பம்’ என்றும் ஒரு வரி இருந்தது. இணைப்பு எங்களுக்கு வந்ததோ ஒன்றிய வாட்ஸ்அப் குழுவில், ‘மாலை 4 மணிக்குள் 100 சதவீதம், முடித்ததும் ஸ்கிரீன்ஷாட்’ என்ற உத்தரவோடு. மூன்றரைக்கு நிரப்பாதவர் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் மூன்றாவது. பதில் சொல்ல விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம் என்றீர்கள். 32 கேள்விக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தீர்கள்.

காலையில் எமிஸ், மதியம் ஒரு படிவம், மாலையில் ஒரு பயிற்சிக் காணொலி. இடையில் பாடமும் நடத்துகிறோமா என்று யாராவது ஒரு கருத்தாய்வு நடத்தினால் ஒரே மூச்சில் நிரப்பித் தருவேன். சரி, அது உங்கள் குற்றமில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எளிமையாக விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அவை மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கானவை. ஆனாலும் வாத்தியார்களுக்கு மட்டும் அது வேண்டாம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன். இப்படி எழுதினால் போதும்:

“நாங்கள் ஆய்வு மாணவர்கள். ஆசிரியர்களின் வேலைச்சூழலைத் தெரிந்துகொள்ள 32 கேள்விகள் கேட்கிறோம். சுமார் 25 நிமிடம் ஆகும். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம், பாதியில் நிறுத்தலாம். யார் நிரப்பினார்கள், யார் நிரப்பவில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்ல மாட்டோம். பெயர், மின்னஞ்சல், பள்ளி எண் எதையும் வாங்கவில்லை. அதனால் அனுப்பிய பிறகு உங்கள் பதில் எது என்று எங்களுக்கே தெரியாது, திருப்பித் தரவும் முடியாது. சந்தேகம் என்றால் இந்த எண்ணில் எங்களிடம் பேசுங்கள். புகார் என்றால் எங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் எண் இது.”

எழுதினால் மட்டும் போதாது, படிவமும் அப்படியே நடக்க வேண்டும். மின்னஞ்சல் வாங்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். யூடைஸ் எண்ணுக்குப் பதிலாகத் தொடக்கப் பள்ளியா, நடுநிலைப் பள்ளியா என்று மட்டும் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் கேட்க வேண்டாம் என்று அலுவலகத்துக்கு நீங்களே எழுதுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மொழியிலும் இந்தப் பக்கம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இரண்டாவது வட்டத்தை வையுங்கள், தயவுசெய்து.

கடைசியாக ஒன்று. என் பதிலை நீக்கிவிடுங்கள். பள்ளி எண்ணைத் தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தேடுவது சிரமமில்லை. அந்த எண்ணில் இரண்டு பதில்கள்தான் இருக்கும், ஒன்று தலைமையாசிரியருடையது.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
கிருஷ்ணகிரி மாவட்டம்