அந்த வெள்ளைக் கட்டம் எதற்கு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கமுங்க.

"ஈரோட்டுல அந்தப் பாக்கெட் அச்சடிக்கிற கடையில டிசைன அரைகுறையா விட்டுட்டு, மூலையில வெள்ளையா ஒரு கட்டம் போட்டுக் காசு வாங்குறாங்க"னு வாட்ஸப் குரூப்பில் ஒரு பேச்சு ஓடுகிறது. எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வோம், அரைகுறை என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

மஞ்சள்தூள் பவுச்சுக்கு ஒருவர் ஏஐயில் படம் போட்டு எடுத்து வந்தார். படம் அழகுதான், பின்பக்கம் பார்கோடும் கியூஆர் கோடும்கூட இருந்தன, "அப்படியே அடிச்சுக் குடுங்க" என்றார். ஸ்கேனரை வைத்தோம், சத்தமே இல்லை. பார்கோடு என்பது வெறும் கோடுகள் இல்லைங்க. கடைகளில் ஓடும் 13 இலக்க பார்கோட்டை 95 சம பாகமாகப் பிரித்து, எந்தப் பாகம் கறுப்பு, எது வெள்ளை என்று எண்ணை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கடைசி இலக்கம்கூட முந்தைய 12-ஐக் கூட்டிப் பெருக்கி வருவதுதான். படம் வரையும் கருவி அந்தக் கணக்கைப் போடுவதில்லை, பார்கோடு மாதிரி தெரிகிற ஒன்றை வரைந்து வைத்துவிடுகிறது. கியூஆரும் இதே கதைதான், மூன்று மூலைக் கட்டங்கள் கச்சிதமாக இருக்கும், நடுவில் இருப்பது வெறும் புள்ளிகள். "கியூஆர் 30 சதவீதம் அழிஞ்சாலும் படிக்குமே" என்று அவர் கேட்டார். படிக்கும், ஆனால் அது அதிகபட்ச பிழைதிருத்தம் வைத்துச் சரியாகச் செய்த கோடு தேய்ந்தால். உள்ளே தகவலே இல்லாதபோது எதை மீட்பது?

அதனால் படம் எடுக்கும்போதே பின்பக்கம் வெற்று இடம் விடச் சொல்லுங்கள். பார்கோட்டின் முழு அளவு, இருபக்க வெற்று இடத்தையும் சேர்த்து, சுமார் 37.3க்கு 26 மில்லிமீட்டர். இடம் போதாவிட்டால் 80 சதவீதம் வரை, அதாவது 30க்கு 21 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். கியூஆருக்குச் சுற்றிலும் அதன் சின்னக் கட்டங்கள் நான்கின் அகலத்துக்குக் காலியாக இருக்கணும். சீல் ஓரத்திலும் மடிப்பிலும் வைக்காதீர்கள். இடம் விடச் சொல்லியும் கருவி பொய்க்கோடு போட்டுவிட்டால், அதை நாங்களே வெள்ளைக் கட்டம் போட்டு மறைத்துவிடுகிறோம். அப்புறம், உங்கள் பெயரில் பதிவான எண்ணை வைத்து, பார்கோட்டுக்கென்றே உள்ள மென்பொருளில் கோடு எடுத்து அந்த இடத்தில் உட்காரவைப்போம்.

நிறம் பற்றியும் கேட்கிறீர்கள். மஞ்சள் பின்னணியில் கறுப்புக் கோடு பரவாயில்லை. சிவப்புக் கோடு மட்டும் வேண்டாமுங்க. கடை ஸ்கேனர் பெரும்பாலும் சிவப்பு ஒளியில்தான் படிக்கும், அதற்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

கட்டம் காலியாக இருப்பது உங்களுக்கு அனுப்பும் முதல் புரூஃபில் மட்டும். கோடு ஏற்றிய இரண்டாவது புரூஃபை ஒரு தாளில் அதே அளவில் அச்சிட்டு, போனிலும் பக்கத்து மளிகைக்கடை ஸ்கேனரிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் அச்சடிக்கிற சிலிண்டர் போடுவோம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் எங்களிடமே வருகிறவர்களுக்கு மனசார நன்றிங்க. இந்த வேலைக்கு ஒருநாள் கூடுதலாகும், டிசைன் கூலியும் அடுத்த மாதம் முதல் கொஞ்சம் ஏறும். பார்கோடு எண்ணை மட்டும் படத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.