செம்பூர் வீட்டுக்கு முழுக்குப் போட்ட கதை

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மும்பை செம்பூர் வீட்டுக் கணக்கு முழுக்க முடியாமல் பதில் எழுதக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். நேற்றுதான் முடிந்தது. முலுண்ட் வீட்டை நீங்களும் விற்கப் போவதாக எழுதியிருந்தாயே, அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், டீயை வைத்துக்கொண்டு படி.

வீட்டை விற்பது ஒரு வேலை என்றால், ஃப்ளாட்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஹவுசிங் சொசைட்டியை விட்டு வெளியே வருவது தனி வேலை. பத்திரம் பதிவானதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சொசைட்டி புத்தகத்தில் பெயர் மாறும்வரை மெம்பர் நாம்தான், பில்லும் நம் பெயரில்தான் வரும்.

என்னை மாட்டிவிட்டது வாடகைக் காலம். நாங்கள் கோயம்புத்தூருக்கு வந்த பிறகு 22 மாதம் வீடு வாடகையில் இருந்தது இல்லையா? சொந்தக்காரர் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டால் சொசைட்டி நான்-ஆக்குபன்சி சார்ஜ் என்று ஒன்று வாங்கலாம். வாடகை ஒப்பந்த நகலை அப்போதே கொடுத்துவிட்டேன். ஆனால் கணக்கு எழுதுகிறவர் அதை பில்லில் சேர்க்கவே இல்லை. மாதம் 4,800 ரூபாய் பில் வந்தது, நானும் தவறாமல் கட்டினேன். விற்கும் சமயம் போனில் செக்ரட்டரியிடம் கேட்டால், "ஆன்ட்டி, சப் க்ளியர் ஹை" என்றார். நான் நம்பிவிட்டேன்.

வாங்குகிறவருக்கு லோன் கொடுக்க பேங்க், பாக்கி இல்லை என்று சொசைட்டியின் கடிதம் கேட்டது. அதற்கு நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் சொசைட்டியில் பழைய ஃபைலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 12,500 ரூபாய் பாக்கி என்று பதில் வந்தது. நான்-ஆக்குபன்சி 22 மாதத்துக்கு, மாதம் 480 வீதம் 10,560. அதன்மேல் 21 சதவீதம் தனி வட்டி, கிட்டத்தட்ட 1,940.

முதலில் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். மகாராஷ்டிர அரசு 2001-லேயே உத்தரவு போட்டிருக்கிறது: இந்தச் சார்ஜ் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மொத்த பில்லில் அல்ல, சர்வீஸ் சார்ஜில். என் 4,800-இல் வீட்டு வரி 1,100, தண்ணீர் 450, கட்டிடத்தின் பிற்காலப் பெரிய வேலைகளுக்குச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்ட் 250, ரிப்பேர் ஃபண்ட் 600. இதெல்லாம் போக வாட்ச்மேன், துப்புரவு, பொது விளக்கு, ஆடிட் என்று சர்வீஸ் சார்ஜ் 2,400தான். அதில் பத்து சதவீதம் 240. 22 மாதத்துக்கு 5,280. அவர்கள் போட்டது சரியாக இரட்டிப்பு!

இதைச் சண்டையாகப் பேசவில்லை. அரைப் பக்கம் எழுதினேன்: "சார்ஜ் கொடுக்க வேண்டியது சரி, ஒப்புக்கொள்கிறேன். கணக்கு இது. பில்லில் போடாத தொகைக்கு நான் தவணை தவறியதாக எப்படி வட்டி?" இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ஆபீஸ் ஆளிடம் இன்வர்ட் நம்பரும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த கமிட்டி மீட்டிங்கில் 5,280-ஐ ஏற்றுக்கொண்டு வட்டியை விட்டார்கள். நான் காசோலையாகக் கொடுத்தேன். ரொக்கமாகக் கொடுக்காதே கல்யாணி, ரசீது என்னவோ நாளைக்கு என்பார்கள், அந்த நாளை வரவே வராது.

பணம் கட்டிய பிறகு வாங்கிய கடிதம்தான் முக்கியம். முதலில் கொடுத்தது "இவர் பாக்கி எதுவும் வைக்கவில்லை" என்று ஒற்றை வரி, தேதிகூட இல்லை. திருப்பிக் கொடுத்து, ஃப்ளாட் நம்பர், எங்கள் இருவர் பெயர், கட்டிய தொகை, ரசீது எண், "மார்ச் 31 வரை எல்லாத் தலைப்பிலும் பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கினேன். ஏன் எல்லாத் தலைப்பிலும் என்கிறாயா? பெயின்ட் அடிக்கவோ லிஃப்ட் மாற்றவோ பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, இன்னும் பில் வராமல் இருக்கலாம். அது யார் தலையில் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். இல்லையென்றால் வாங்கினவர் உன்னைக் கேட்பார், சொசைட்டி அவரைக் கேட்கும்.

சிங்கிங் ஃபண்டில் இத்தனை வருஷம் போட்டது திரும்ப வருமா என்று கேட்டிருந்தாய். வராது. அது கட்டிடத்தின் பணம், வெளியே போகிறவருக்குக் கிடையாது.

மெம்பர் பெயரை மாற்றும் ட்ரான்ஸ்ஃபருக்கு எங்களிடம் 50,000 டொனேஷன் கேட்டார்கள். மாநகராட்சி எல்லைக்குள் பிரீமியம் 25,000-க்கு மேல் வாங்கக்கூடாது என்பதுதான் விதி. அதோடு ட்ரான்ஸ்ஃபர் கட்டணம் 500, புதியவருக்கு நுழைவுக் கட்டணம் 100. மற்றதெல்லாம் விருப்ப நன்கொடை. "தாராளமாகத் தருகிறேன், 25,000-க்கு மேல் எதற்கு என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று இவர் சாதுவாகக் கேட்டார். ஒருத்தரும் எழுதவில்லை, டொனேஷன் பேச்சும் அதோடு போயிற்று. 25,000-ஐ நாங்களும் வாங்கினவரும் பாதிப் பாதியாகக் கொடுத்தோம்.

மெம்பர் என்பதற்கு சொசைட்டியில் நமக்கு இருக்கும் ஷேரை வாங்குகிறவர் பெயருக்கு மாற்ற, முதலில் 15 நாள் முன்னதாக, விற்கப் போகிறோம் என்று ஒரு நோட்டீஸ், வாங்குகிறவரின் சம்மதத்தோடு. பதிவு முடிந்ததும் விண்ணப்பங்கள், பத்திர நகல், அசல் ஷேர் சர்டிபிகேட். இந்த அசல்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. 1993-இல் வாங்கியது, மடிப்பில் கிழிந்து, செலோ டேப் மஞ்சளாகப் போயிருக்கிறது. ஐந்து ஷேர், ஒன்று ஐம்பது ரூபாய், ஆக 250 ரூபாய்க் காகிதம். அதில் என் பெயர் கே. கோமதி, ஆதாரில் கோமதி கிருஷ்ணன். நம் ஊர் இனிஷியலை மும்பைக்காரர்கள் புரிந்துகொள்ளவே மாட்டார்கள், இரண்டும் ஒருத்திதான் என்று அஃபிடவிட் போட்டேன். உன்னுடையதிலும் இதே கோளாறு இருக்கும், பார்.

சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எங்களுக்கு விற்றவர் பெயர், எங்கள் பெயர் என்று ஒரு வரி. நேற்று அதன் கீழ் இரண்டாவது வரி எழுதினார்கள்: புதியவர் பெயர், தேதி, சேர்மன், செக்ரட்டரி, ஒரு கமிட்டி மெம்பர் கையெழுத்து, முத்திரை. அந்த வரி வரும் வரைக்கும் என் பெயரில் இன்னொரு மாதம் பில் வந்தது. அதைப் பிரிக்காமல் வைத்துவிடாமல், "சாவி கொடுத்தது மார்ச் 31" என்று ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்பினேன். வாங்கினவரின் போனில் பின்பக்கத்தின் போட்டோ வாங்கி வைத்துக்கொண்டேன். அசல் இனி அவருடையது, எனக்கு ஞாபகத்துக்கு அந்தச் செலோ டேப்தான்.

உங்கள் சர்டிபிகேட் பேங்க் லாக்கரிலா, பீரோவிலா? இன்றைக்கே எடுத்துப் பார். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
கோமதி