ஆண்மை ஊசி போட்டால் விந்தணு பெருகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தையின்மை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஆண்மை ஹார்மோன் குறைந்தால் விந்தணு குறையும்' என்ற அதன் ஒரு வரியைப் படித்துவிட்டு யாரும் ஊசி தேடிப் போய்விடக் கூடாதே என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது.

என் தம்பிக்கு வயது 32. விசைப்படகில் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கடலுக்குப் போனால் அந்தச் சின்ன அறையின் அனலில்தான் இரவெல்லாம் கிடப்பான். திருமணமாகி நான்கு வருடம். மூன்று வருடம் அவன் மனைவியைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வைத்தோம். ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டோம். போன வருடம் ஜனவரியில்தான் அவனுக்கு முதல் விந்துப் பரிசோதனை. ஒரு மில்லிக்கு 60 லட்சம் அணுக்கள் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன குறைந்தபட்ச அளவு 1 கோடியே 60 லட்சம்.

அந்தத் தாளைப் பார்த்த ஒருவர், "ஆண்மை ஊசி போட்டா எல்லாம் சரியாகும்" என்று சொல்லி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன் ஊசியை 250 மில்லிகிராம் அளவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வைத்தார். எங்களிடம் தம்பி சொல்லவில்லை. உடம்பு முறுக்கேறியது, அசதி போனது, ஆள் சந்தோஷமாக இருந்தான். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் இன்ஜின் சூடு இல்லை, எண்ணிக்கை கூடியிருக்கும் என்று நானே நம்பினேன். ஜூனில் மறுபடி பார்த்தார்கள். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் அந்தத் தாளில் இருந்த வரி இன்னும் கண்ணில் நிற்கிறது: மாதிரியை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தாயிற்று, ஒரு அணுகூட இல்லை.

காரணம் இதுதான். விந்தணு உருவாக விதைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அது ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு அதிகமாக அங்கே இருக்கும். அதைச் சுரக்கச் சொல்லி விதைக்குக் கட்டளை அனுப்புவது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. ஊசியில் போன ஹார்மோன் ரத்தத்தில் நிறைந்ததும், 'இருப்பது போதும்' என்று அந்தச் சுரப்பி கட்டளையை நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், விதைக்குள் வறண்டுபோகும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இந்த ஊசியை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மதுரையில் பார்த்த சிறுநீரக மருத்துவர் ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிட்டார். பிட்யூட்டரியின் கட்டளையைக் கொண்டுபோகும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள் இரண்டும் அடிமட்டத்தில் இருந்தன, டெஸ்டோஸ்டிரோன் மட்டும் உச்சத்தில் இருந்தது. "ஊசி ஏதும் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். அப்போதுதான் வாய் திறந்தான்.

அவர் செய்த இன்னொன்று, அதுவரை யாரும் செய்யாதது. தம்பியை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, விதைப்பையைத் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் ரத்தக்குழாய்கள் புழுக்கூட்டம்போலச் சுருண்டு புடைத்திருந்தன. இதுதான் வெரிகோசீல். இடது விதையின் ரத்தக்குழாய் மேலே போய் சிறுநீரக ரத்தக்குழாயில் செங்குத்தாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் இது பெரும்பாலும் வரும். ரத்தம் கீழே தேங்கும், விதைப்பை சூடாகும். உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விதை ஒழுங்காக வேலை செய்யும். இன்ஜின் சூடும் சேர்ந்துகொண்டிருக்கலாம், ஆனால் அதை மட்டும் குறை சொல்ல முடியாது என்றார். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகுமாம். 61 நாளில் பலனை எதிர்பார்த்த என் கணக்கே தப்பு.

ஊசியை நிறுத்தி, விதையை மறுபடி தூண்டும் எச்.சி.ஜி. ஊசி கொடுத்தார். நிறுத்திய பிறகு பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அணுக்கள் திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம் ஆகும், ஒரு சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். டிசம்பரில் 20 லட்சம் வந்தது. பிப்ரவரியில் வெரிகோசீலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இந்த ஜூனில் 1 கோடியே 10 லட்சம். குழந்தை இன்னும் தங்கவில்லை. செப்டம்பரில் அடுத்த பரிசோதனை.

டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அது நல்ல மருந்து. ஆனால் பிள்ளை வேண்டும் என்று காத்திருப்பவர் அதைத் தொடும் முன் 'எனக்குக் குழந்தை வேண்டும்' என்று மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எந்த ஊசி, எத்தனை மாதம் என்று மருந்துச் சீட்டோடு காட்டட்டும். என் தம்பி முதல் நாளே அதைக் காட்டியிருந்தால் எங்களுக்கு ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்)