கொடியில் மூன்று விரிப்பு

கிளிநொச்சி,
சனி இரவு.

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். பெருவிரல் இப்போது எப்படி? சின்னம்மா வீட்டுக் கலியாணத்தில் நீ தேநீர்க் கோப்பையை இடது கையால் பிடித்திருந்ததைப் பார்த்தேன். கேட்க நினைத்தேன். அதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு ஐந்து வாரம் போய்விட்டது. போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் "வேலை, அம்மா" என்று வைத்துவிடுகிறாய். தம்பி திங்கட்கிழமை கொழும்புக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

நீ வந்து மசாஜ் நடத்தவென்று திட்டமிட்ட முன் அறையின் வேலை நிற்கவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. தச்சர் வந்து கட்டிலின் உயரம் எவ்வளவு என்று கேட்டார். நீ முன்பு சொன்னதையே சொன்னேன்: செய்பவள் பக்கத்தில் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி பிடித்தால், முட்டி மெத்தையைத் தொட வேண்டும். அதற்கு மேல் போனால் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்த முடியாது, விரலால்தான் அழுத்த வேண்டி வரும். உன் விரல் போனதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அங்கே உள்ள கட்டில் உயரமான ஆட்களுக்குச் செய்தது, நீ என்னைப் போலக் குள்ளம். உன்னோடு சேர்ந்து செய்ய இருக்கும் விசுவமடுப் பிள்ளை உன்னைவிட நான்கு விரல் உயரம் என்பதால், கட்டிலை உன் அளவுக்கே செய்து, அவள் நிற்கும் நாளில் கட்டில் கால்களுக்குக் கீழே வைக்க நான்கு மரக்கட்டைகளும் செய்யச் சொல்லியிருக்கிறேன். தச்சர் சிரித்தார். சிரிக்கட்டும்.

அலுமாரி லாச்சியில் நீ விட்டுப்போன கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கோபப்படாதே. கணக்கு எழுதியிருக்கிறாய் என்றுதான் திறந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் பிழை.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவர், எட்டுப் பேர் என்று எழுதியிருக்கிறாய். எட்டுப் பேரில் ஐந்து பேர் உன் தலையில். ஒரு மணித்தியாலச் சிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம் போதுமா? ஆள் வந்து உட்கார்ந்து, கதைத்து, உடுப்பு மாற்றப் பத்து நிமிடம். முடிந்ததும் உடனே எழும்பினால் சிலருக்குத் தலை சுற்றும், படுத்திருந்து மெல்ல எழும்பி எண்ணெயைத் துடைத்து உடுத்த இன்னொரு பத்து நிமிடம். பிறகு விரிப்பை உருவி, கட்டிலைத் துடைத்து, புதிய விரிப்புப் போட்டு, நீ கை கழுவித் தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம். ஒருவருக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. ஒன்பது, பத்தரை, பன்னிரண்டு. ஒன்றரைக்குச் சாப்பாடு. பிறகு இரண்டு மணி, மூன்றரை. ஐந்துக்கு முடிகிறது. ஒரு கட்டிலில் ஐந்து பேர்தான்.

அந்த ஐந்தையும் நீ ஒருத்தி செய்யாதே. ஒரு நாள் நீ மூன்று, அவள் இரண்டு. அடுத்த நாள் மாறிச் செய்யுங்கள். கட்டிலில் ஒருத்தி நிற்கும்போது மற்றவள் விறாந்தைக் கதிரையில் தலை மசாஜ் பார்க்கலாம். அரை மணித்தியால வேலைக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்கு. ஆனால் உடம்புக்கு மூன்று பேரைச் செய்தவளுக்கு அன்றைக்குத் தலை இரண்டுக்கு மேல் கொடுக்காதே. தலைக்குத்தான் விரல் அதிகம் வேலை செய்கிறது. முதுகுக்கு முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்தலாம், தலைக்கு அது முடியாது. விசுவமடுப் பிள்ளைக்கு மூன்றரை மணி ஆளைக் கொடுக்காதே. அவள் பரந்தன் சந்திக்குப் போய் முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ் பிடிக்க வேண்டும். கடைசி ஆள் பத்து நிமிடம் பிந்தி வந்தால் அவள் அவசரப்படுவாள், அவசரப்படும் கை அழுத்தும்.

முதல் பத்து நிமிடத்தைக் குறைக்கலாம் என்று உனக்குத் தோன்றும். குறைக்காதே. எங்கள் பகுதியில் அதுதான் மிகவும் தேவையான பத்து நிமிடம். "உடம்பில் ஷெல் துண்டு ஏதும் இருக்கிறதா?" என்று ஒவ்வொருவரிடமும் கேள். கொழும்பில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாய். இங்கே கேட்காமலே சொல்லுவார்கள் என்று நினைக்காதே. அப்பா தன் தொடையில் இருந்ததை எத்தனை வருடம் சொல்லாமல் இருந்தார்! இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல், அந்த இடத்தையும் சுற்றி ஒரு சாணையும் விட்டுவிடு. தலைமுடிக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தலை மசாஜ் கதிரையில் உட்காருபவரிடமும் கேள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக, கெண்டைக்கால் நோகிறது என்று யாராவது வந்தால் கையே வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், தேய்த்தால் அது இடம் மாறும்.

இனி விரிப்புக் கதைக்கு வருகிறேன். கட்டில் விரிப்புப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபத்தொரு வருடம் சிற்றூழியராக நின்றவளின் மகள் எழுதும் எண்ணிக்கையா இது? ஒருவருக்குக் கீழே ஒன்று, மேலே போர்த்த ஒன்று. ஐந்து பேருக்குப் பத்து. இன்றைக்குப் பத்து அழுக்கு, நேற்றையது பத்து கொடியில், நாளைக்குப் பத்து அலுமாரியில். முப்பது வேண்டும். கார்த்திகை மார்கழி மாரியில் ஒரு நாளில் காயாது, அப்போது நாற்பது. துவாயும் அதே கணக்கு.

நான் சும்மா சொல்லவில்லை, செய்து பார்த்தேன். பழைய விரிப்பு மூன்றை எடுத்தேன். ஒரு உடம்புக்கு முக்கால் கோப்பை எண்ணெய் போகும் என்றாயே, அதில் பாதியாவது விரிப்பில் இறங்கும் என்று கணித்து மூன்றிலும் நல்லெண்ணெயைத் தேய்த்தேன். முதலாவதை இரவு முழுவதும் கூடையில் போட்டுவைத்து, காலையில் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன். இரண்டாவதை அன்றே தோய்த்தேன், அதே பச்சைத் தண்ணீர், அதே சவர்க்காரம். மூன்றாவதை முதலில் பழைய பேப்பரால் ஒற்றி எடுத்து, கை வைக்க முடியாத சுடுதண்ணீரில் சலவைத் தூளும் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் கரைத்து, அரை மணித்தியாலம் ஊறவைத்துத் தோய்த்தேன்.

கொடியில் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மடித்து அலுமாரியில் வைத்து ஒரு கிழமைக்குப் பிறகு எடுத்தேன். அப்போதும் பெரிய வித்தியாசம் இல்லை. சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும்தான் முதலாவதிலிருந்து காறல் வாசம் கிளம்பியது, போன வருடத்து எண்ணெய்ப் போத்தலைத் திறந்தது போல. இரண்டாவதிலும் கொஞ்சம் இருந்தது. மூன்றாவதில் இல்லை. யோசித்துப் பார், கட்டிலில் படுப்பவரின் உடம்புச் சூடும் அந்த வாசத்தைக் கிளப்பும். அவர் முகம் குப்புறக் கிடக்கிறது, மூக்குக்கு நேரே விரிப்பு. உன் கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டுக்குப் போய் வாசத்தைத்தான் சொல்லுவார்.

எங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பாய். அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து, எண்ணெயோடு சேர்ந்து துணியிலேயே ஒட்டுகிறது. சோடா போட்டால் தண்ணீர் மென்மையாகிச் சலவைத் தூள் தன் வேலையைச் செய்கிறது. துவாய்க்கு இன்னொரு சோதனை: காய்ந்த துவாயில் ஒரு துளி தண்ணீர் விடு. துளி முத்துப் போல நின்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் ஊறவை. மென்மையாக்கும் திரவம் வாங்காதே, அதுவும் துளியை நிறுத்தும்.

நீ வேலை செய்யும் இடத்தில் எல்லாம் மண்ணிறத் துவாய் என்று பெருமையாகச் சொன்னாய். இங்கே வெள்ளை வாங்கு. மண்ணிறம் கறையை மறைக்கிறது, கறையைக் கண்டால்தானே திரும்பத் தோய்ப்போம். அந்த இடத்தில்தானே உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்துச் சூட்டோடு அடுக்கிய துவாய்க் கட்டு நள்ளிரவில் புகைந்தது? நீயே சொன்னாய். தோய்த்தும் போகாத எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடாகும், கட்டுக்குள் சூடு வெளியேற வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். நல்லெண்ணெய்க்கு அந்தக் குணம் உண்டு, தேங்காய் எண்ணெய்க்கு அவ்வளவு இல்லை. நம்மிடம் இயந்திரம் இல்லை, ஆனாலும் தகரக் கூரை இருக்கிறது. எண்ணெய்த் துணியைப் பொலித்தீன் பையில் திணித்துப் பின் கொட்டிலில் வைத்து, மத்தியானம் கையை விட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. கூரையின் சூடா எண்ணெயின் சூடா என்று தெரியவில்லை. எடுத்து உதறிவிட்டேன். அழுக்குத் துணிக்குப் பை வேண்டாம், ஓலைக் கூடை போதும். அன்றன்றே ஊறவை. கொடியிலிருந்து எடுத்தால் ஆறவிட்டு மடி.

அந்த மூன்று விரிப்பும் கொடியில் கிடந்தபோது மாஸ்டர் வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விருந்தாளிகளா?" என்றார். "ஓம், வவுனியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. எட்டு வருடப் பழக்கம்.

பிள்ளை, அன்று உன் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமியார் உன்னைக் காட்டி என்ன வேலை என்று கேட்டபோது, ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறாள் என்று சொன்னேன். நீ பாயாசத் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றாய். நீ போன முதல் நாளிலிருந்து நான் அதைத்தான் சொல்லி வருகிறேன். மசாஜ் என்ற சொல்லுக்கு ஊர் என்ன அர்த்தம் வைக்கும் என்று பயந்தேன். உன் காசில் கூரை போட்டேன், கிணற்றுக்கு மோட்டார் வாங்கினேன், உன் வேலையின் பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் இரத்தத் துணி அள்ளியபோது எனக்கு வெட்கம் வரவில்லை, நீ ஒருவரின் முதுகைத் தேய்த்தால் எனக்கு ஏன் வந்தது? எத்தனை தரம் யோசித்தாலும் பதில் கிடைக்கவில்லை.

நீ இன்னும் வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. விசுவமடுப் பிள்ளை கேட்கிறாள். அவளுக்குத் தருமபுரத்தில் தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். பலகை எழுதுபவரும் வந்தார். "தலை மசாஜ், உடல் சிகிச்சை, பெண்களுக்கு மட்டும்" என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் வீட்டு அக்கா அப்போதும் வேலியில்தான் நின்றார். எழுத்தின் நிறம் நீ சொல்ல வேண்டும் என்று பலகை எழுதுபவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தம்பியிடம் நல்லெண்ணெய் இரண்டு போத்தல் கொடுத்து விட்டிருக்கிறேன், இந்த வருடத்து எள்ளு. ஒன்றில் கொஞ்சம் இளஞ்சூடாக்கி இரவில் பெருவிரலுக்குப் போடு. இந்தக் கிழமை மூன்று பேருக்கு மேல் செய்யாதே.

அம்மா