பொலிஸ் கடிதம் கேட்கும் முன்: கொழும்புத் தொடர்மாடி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளைத் தொடர்மாடிகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். லிப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டும் அறிவித்தல் பெரும்பாலும் ஒரே வரிதான்: "புதிதாக வாடகைக்கு வருவோரும் வீட்டு வேலைக்கு வருவோரும் பொலிஸ் கடிதம் தர வேண்டும்." அது என்ன கடிதம், எந்த நிலையத்தில் எடுப்பது, கேட்க வேண்டியது யார் என்று ஒரு சொல்லும் இருக்காது. இதனால் வேலைக்கு வந்த பெண்ணே பொலிஸ் நிலைய வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே "எதற்கு?" என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

கேட்க வேண்டியது வீட்டுக்காரர். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். அறிவித்தலில் முதலில் இதை எழுதுங்கள்.

மூன்று விஷயங்கள் இங்கே அடிக்கடி குழம்புகின்றன. வெளிநாடு போகிறவர்கள் பொலிஸ் தலைமையகத்துக்கு விண்ணப்பித்து எடுக்கும் கிளியரன்ஸ் சான்றிதழ் ஒன்று. அதை வீட்டு வேலைக்கு வருபவரிடம் கேட்பது வீண் அலைச்சல். அடுத்தது, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்படி, பொலிஸ் கேட்கும்போது வீட்டில் இருப்போரின் விபரப் பட்டியலை வீட்டுக்காரர் கொடுப்பது. அது அவர்கள் நம்மிடம் கேட்பது. நான் சொல்லும் கடிதம் நாம் அவர்களிடம் கேட்பது: இன்னாரை என் வீட்டில் வைத்திருக்கிறேன், அவர் தந்த விபரம் சரியா, அவர் மீது உங்கள் பதிவில் முறைப்பாடு ஏதும் உண்டா என்று. இரண்டையும் ஒரே தாளில் கலக்கும்போதுதான் பழைய பயம் கிளம்புகிறது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதை மறந்தவர்கள் இங்கே குறைவு. ஆகவே "பதிவு" என்ற சொல்லை அறிவித்தலில் போடாதீர்கள். கேட்பது சரிபார்ப்பு மட்டும்தான்.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? ஓர் உதாரணம் எடுப்போம். ஹட்டன் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருவர் வெள்ளவத்தை வீடொன்றில் தங்கி வேலை செய்ய வருகிறார். வீட்டுக்காரர் வெள்ளவத்தைப் பொலிஸில் கேட்கிறார். ஆனால் அந்த நிலையத்துக்கு அவரைத் தெரியாது. நேற்றுத்தான் கொழும்பு வந்தவர். அவரைப் பற்றிய முறைப்பாடு எங்காவது இருந்தால் அது பெரும்பாலும் அவருடைய ஊர் நிலையத்தில்தான் இருக்கும். வெறும் "ஹட்டன்" என்று எழுதினால் இங்குள்ள அதிகாரி யாரிடம் விசாரிப்பார்? தோட்டம், டிவிசன், கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும், ஊரின் பொலிஸ் நிலையம் என்று முழு முகவரி வேண்டும். கடிதத்தின் உயிரே இந்த ஒரு வரிதான். அதை ஒருவரும் ஒழுங்காக எழுதுவதில்லை.

இதற்கு முன்பாக ஊர்க் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிட, நற்சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி வருவது நல்லது. அதில் உள்ள முகவரியும் அடையாள அட்டையில் உள்ள முகவரியும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கலியாணம் முடித்துக் கணவரின் தோட்டத்துக்குப் போன பெண்ணின் அட்டையில் தாய்வீட்டு முகவரியே இருக்கும். அது பொய் அல்ல. இரண்டையும் எழுதி, எது எப்போதையது என்று சொல்லிவிட்டால் போதும். பெயரை அட்டையில் உள்ளபடியே எழுத வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை அதன் பிறகு, தனியாகப் போடலாம்.

அடையாள அட்டை இலக்கத்தை எழுதும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. 1988 ஜூலை 14 அன்று பிறந்தவர் என்றால் அது 196ஆவது நாள்; பெண் ஆனபடியால் 696. இலக்கம் 88696 என்று தொடங்க வேண்டும். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக வரும்: 1988696. பிரதி எடுக்கும்போதோ தட்டச்சிலோ ஓர் இலக்கம் மாறினால் பல தடவை இதிலேயே பிடிபடும். கணக்கு ஒத்துவந்தது என்பதற்காக அட்டை உண்மையானது என்று முடிவுகட்ட முடியாது. அதைச் சொல்ல வேண்டியது பொலிஸ்தான். பழைய அட்டை, புதிய அட்டை இரண்டும் இருந்தால் இரண்டு இலக்கத்தையும் எழுதுங்கள். பிறந்த திகதியைப் பார்க்கும்போதே வயதும் தெரிந்துவிடும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் கடிதம் எழுதும் வேலையே வேண்டாம். வீட்டு வேலைக்கு எடுக்காதீர்கள்.

கடிதத்தின் நடுப்பகுதி இந்த அளவில் இருந்தால் போதும்:

"பொறுப்பதிகாரி அவர்களுக்கு, மேற்படி முகவரியில் வசிக்கும் நான், கீழ்க்குறிப்பிட்டவரை இன்ன திகதி முதல் வீட்டு வேலைக்கு அமர்த்தியுள்ளேன். அவர் என் வீட்டிலேயே தங்குகிறார். அவருடைய சம்மதத்துடன் விபரங்களை இணைத்துள்ளேன். அடையாள விபரங்களைச் சரிபார்த்து, அவரது நிரந்தர முகவரிக்குரிய பொலிஸ் நிலையத்திடமும் விசாரித்து, அவருக்கு எதிராகப் பதிவு ஏதும் உள்ளதா என்பதை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதற்குக் கீழே அவருடைய விபரம், ஒரு படம், அட்டைப் பிரதி, ஊரில் தொடர்புகொள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கம், முன்பு வேலை செய்த வீடு இருந்தால் அதன் முகவரி, "சம்மதிக்கிறேன்" என்று அவருடைய கையெழுத்து. வாடகைக்கு வருபவர் என்றால் ஒப்பந்தத்தின் தொடக்க, முடிவுத் திகதிகளும், கூட இருப்போரின் பெயர்களும், வேலை செய்யும் இடமும் சேரும். முன்பு குடியிருந்த கொழும்பு முகவரியையும் கேளுங்கள். ஐந்து வருடம் கொட்டாஞ்சேனையில் இருந்தவரைப் பற்றி யாழ்ப்பாண நிலையத்தில் விசாரித்து என்ன தெரியும்? மதம், சாதி, வங்கிக் கணக்கு, "ஏன் கொழும்புக்கு வந்தார்" என்பவை வேண்டாம். சில கட்டடங்களின் படிவங்களில் இவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். பொலிஸ் கேட்காததை நாம் ஏன் எழுதிக் கொடுப்பது?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, கொழும்பில் அரச அதிகாரிக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. ஆனாலும் வேலை சீக்கிரம் நடக்க, பின்னால் ஒரு சிங்களப் பிரதியும் வையுங்கள் என்பதே என் யோசனை. கையெழுத்திடும் பெண்ணுக்குப் புரியும் மொழியிலும் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் திகதியோடு நிலைய முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வரத் தாமதமாகலாம், வராமலும் போகலாம். அப்போது முத்திரையிட்ட அந்தப் பிரதியையே குழு ஏற்றுக்கொள்ள வேண்டும். பொலிஸ் தாமதித்ததற்கு அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்துவது நியாயமில்லை. பதில் வந்தாலும், குறித்த திகதியில் குறித்த பதிவுகளில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அவர் நல்லவர் என்று பொலிஸ் பிணை நிற்கவில்லை.

கடைசியாக, இந்தப் பிரதிகள் காவலாளியின் மேசையில் திறந்தபடி கிடக்கின்றன. அடையாள அட்டைப் பிரதியும் கைபேசி இலக்கமும் யார் கையிலும் போகலாம். குழுவுக்கு வேண்டியது "முத்திரையிட்ட கடிதம் பார்த்தோம்" என்ற குறிப்பும் திகதியும் மட்டும். மூலப் பிரதி வீட்டுக்காரரிடம் இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவற்றை அடுத்த கூட்டத்துக்கு முன்பாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்காரர்